பட்டியலில் இருந்த தொலைக்காட்சி எங்கே போனது?
(அலகு: கணினி வலையமைப்பு — உபவலை, பல்பரப்பு, விருந்தினர் வலையமைப்பு)

உபவலையாக்கக் கணக்குகளை மாணவர்கள் பெரும்பாலும் சரியாகவே செய்கிறார்கள். ஒரு ஐபி முகவரியையும் உபவலை மறைமுகத்தையும் தந்தால் வலையமைப்பு முகவரியைக் கண்டுபிடித்து விடுவார்கள். ஆனால் "இரண்டு உபகரணங்கள் வெவ்வேறு உபவலைகளில் இருந்தால் நடைமுறையில் என்ன நடக்கும்?" என்று கேட்டால், "அவை தொடர்பாட முடியாது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்விடை எப்போதும் சரியானதல்ல. ஏன் என்பதை, எமது வகுப்பிலேயே நடந்த ஒரு சம்பவத்தைக் கொண்டு இங்கே பார்ப்போம்.

1. சம்பவம்

நான் கற்பிக்கும் கல்வி நிலையத்தின் முன் மண்டபத்தில் கூகுள் காஸ்ற் வசதியுள்ள ஒரு தொலைக்காட்சி பொருத்தப்பட்டுள்ளது. கைத்தொலைபேசியில் உள்ள காணொளியை அத்திரைக்கு அனுப்புவதையே காஸ்ற் செய்தல் என்கிறோம். தொலைபேசியில் காஸ்ற் அடையாளத்தைத் தொட்டால் உபகரணங்களின் பட்டியல் வரும். அதில் தொலைக்காட்சியின் பெயரைத் தெரிவு செய்ய வேண்டும்.

சில நாள்களில் அப்பட்டியலில் தொலைக்காட்சி இருக்கும். சில நாள்களில் இராது. தொலைக்காட்சியை நிறுத்தி மீண்டும் இயக்கினேன். தொலைபேசியையும் அவ்வாறே செய்தேன். ஒரு நாள் மாதிரி வினாத்தாள் விளக்கத்திற்கு ஒதுக்கிய நேரத்தில் 25 நிமிடம் இதிலேயே போய்விட்டது. தொலைக்காட்சி பழுதாகிவிட்டது, வேறு வாங்க வேண்டும் என்று நிர்வாகத்திடம் சொல்லவும் ஆயத்தமானேன்.

அப்போது முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், என்ர போனில ரீவி தெரியுது" என்றான். இருவரது தொலைபேசிகளும் ஒரே பெயருள்ள வைஃபையிலேயே இணைந்திருந்தன. இருவருக்கும் இணையமும் வேலை செய்தது. ஆனால் வைஃபை விபரத்தைத் திறந்து பார்த்தபோது அவனுடைய ஐபி முகவரி 192.168.1.24 என்றும் என்னுடையது 192.168.0.12 என்றும் இருந்தது. மூன்றாவது எண் வேறு. விடை அங்கேதான் இருந்தது.

கட்டடத்தில் இரண்டு வழிப்படுத்திகள், அதாவது நாம் பேச்சில் றவுட்டர் என்று சொல்பவை, இருந்தன. ஒன்று முன் மண்டபத்தில், இணையச் சேவை வழங்குநர் பொருத்தியது. மற்றையது பின் அறையில் அலை போதாமையால் பின்னர் வாங்கி வைத்தது. இரண்டுக்கும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் கொடுக்கப்பட்டிருந்தன. நான் பின் அறையில் இருந்து விடைத்தாள்களை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்கு வரும் நாள்களில், அலை போதுமானதாக இருக்கும்வரை என் தொலைபேசி பின் அறை வழிப்படுத்தியையே பிடித்துக்கொண்டிருந்தது. நேராக மண்டபத்துக்கு வரும் நாள்களில் முன் வழிப்படுத்தியில் இணைந்தது. "சில நாள் தெரியும், சில நாள் தெரியாது" என்பதன் காரணம் இவ்வளவுதான்.

2. பட்டியல் எவ்வாறு உருவாகிறது?

தொலைபேசி அந்தப் பட்டியலை எங்கேனும் எழுதி நிலையாக வைத்திருப்பதில்லை. வகுப்பில் இடாப்புக் கூப்பிடுவதைப் போல, தேவைப்படும்போது கேட்டுத்தான் அதைத் தயாரிக்கிறது. இடாப்பு என்றால் ஆசிரியரிடம் பெயர்கள் இருக்கும். இங்கே பெயரும் கிடையாது. "இங்கே காஸ்ற் வசதி உள்ளவர் யார்?" என்று தொலைபேசி பொதுவாகக் கேட்கிறது. கேட்டவர்களில் அவ்வசதி உள்ளவர்கள் தம் பெயரையும் முகவரியையும் சொல்கிறார்கள். பதில் சொன்னவர்களே பட்டியல்.

இவ்வாறு கேட்பதற்கான நடப்பொழுங்கு எம்.டி.என்.எஸ் எனப்படும். அது 2013 இல் நியமமாக வெளியிடப்பட்டது. அதில் மூன்று விடயங்களை நினைவில் வைத்தால் போதும்.

கேட்கப்படும் சேவையின் பெயர்: _googlecast._tcp.local
கேள்வி அனுப்பப்படும் முகவரி: 224.0.0.251
பயன்படுத்தப்படும் துறை: யூ.டி.பி 5353

224.0.0.251 என்பது எந்தவொரு தனி உபகரணத்தினதும் முகவரி அன்று. அது ஒரு குழுவின் முகவரி. அக்குழுவில் சேர்ந்துள்ள எல்லா உபகரணங்களும் ஒரே பொதியைப் பெறும். இதுவே பல்பரப்பு. தொலைக்காட்சியின் முகவரி இன்னும் தெரியாத நிலையில் தொலைபேசி அதனை நேரடியாகக் கூப்பிட முடியாது அல்லவா? ஆகவேதான் முதலில் குழுவைக் கூப்பிடுகிறது.

3. கேள்வி ஏன் மறுபக்கம் செல்வதில்லை?

224.0.0.0 முதல் 224.0.0.255 வரையான முகவரிகள் ஒரே இணைப்புக்குள், அதாவது வழிப்படுத்தி குறுக்கிடாத ஒரே வலையமைப்புத் துண்டுக்குள் மட்டும் பயன்படுவதற்காக ஒதுக்கப்பட்டவை. இவ்வீச்சுக்கு வந்த பொதியை வழிப்படுத்தி ஒரு பக்கத்தில் இருந்து மறு பக்கத்துக்கு அனுப்பக் கூடாது என்பது விதி. ஆளியும் வைஃபை அணுகல் புள்ளியும் அப்பொதியைத் தம் வலையமைப்புக்குள் பரப்பும். வழிப்படுத்தியின் வாசலில் அது நின்றுவிடும்.

கவனிக்குக: மாணவர் சிலர் "பொதியின் ஆயுட்காலம் 1 என்பதால் அது கடக்காது" என எழுதுகின்றனர். எம்.டி.என்.எஸ் பொதிகள் வழமையாக 255 என்ற ஆயுட்காலப் பெறுமானத்துடனேயே அனுப்பப்படுகின்றன. அவற்றைத் தடுப்பது முகவரி வீச்சுக்கான விதியே அன்றி ஆயுட்காலம் அன்று.

இவ்விதி காரணமின்றி வைக்கப்பட்டதன்று. வழிப்படுத்திகள் இத்தகைய கேள்விகளைக் கடத்தத் தொடங்கினால் ஒரு வீட்டில் கேட்ட கேள்வி ஊரெல்லாம் ஒலிக்கும். அயல் வீட்டுத் தொலைக்காட்சியும் அச்சுப்பொறியும் உங்கள் பட்டியலில் வந்து நிற்கும்.

4. பாதை உண்டு, அழைப்பு இல்லை

இப்போது எமது சம்பவத்தைக் கணக்காகச் செய்வோம். முன் வழிப்படுத்தியை அ எனவும் பின் வழிப்படுத்தியை ஆ எனவும் கொள்க. அ வில் இருந்து வரும் வடம் ஆ வின் WAN துறையில் செருகப்பட்டுள்ளது. எல்லாவற்றினதும் உபவலை மறைமுகம் 255.255.255.0 ஆகும்.

வழிப்படுத்தி அ: 192.168.1.1
தொலைக்காட்சி (அ வில்): 192.168.1.20
வழிப்படுத்தி ஆ, வெளிப்பக்கம்: 192.168.1.35
வழிப்படுத்தி ஆ, உட்பக்கம்: 192.168.0.1
என் தொலைபேசி (ஆ வில்): 192.168.0.12

முதலில் தொலைபேசி 224.0.0.251 க்குக் கேள்வியை அனுப்புகிறது. ஆ வின் உட்பக்கத்தில் உள்ள உபகரணங்கள் அதைக் கேட்கும். ஆ அதைத் தன் வெளிப்பக்கத்துக்கு விடாது. எனவே 192.168.1.0 வலையமைப்பில் உள்ள தொலைக்காட்சிக்கு அக்கேள்வி கேட்கவே இல்லை. கேட்காதவன் எப்படி "ஆம், வந்துள்ளேன்" என்பான்? பட்டியல் வெறுமையாகிறது.

அடுத்து, ஆ வில் இணைந்த ஒரு மடிக்கணினியில் இருந்து தொலைக்காட்சியின் முகவரிக்கு நேரடியாக ஒரு சோதனைப் பொதி அனுப்பினோம்.

```
ping 192.168.1.20
```

பதில் வந்தது! வகுப்பில் பலர் இதைக் கண்டு வியந்தனர். ஆனால் படிமுறையாகப் பார்த்தால் வியப்பில்லை. மடிக்கணினியின் வலையமைப்பு 192.168.0.0, இலக்கின் வலையமைப்பு 192.168.1.0. இரண்டும் வேறு என்பதால் மடிக்கணினி பொதியைத் தன் நுழைவாயிலான ஆ விடம் கொடுக்கிறது. ஆ வின் வெளிப்பக்கம் 192.168.1.0 இல் நேரடியாக இருப்பதால் அதற்கு வழி தெரியும். அது அனுப்புநர் முகவரியை 192.168.1.35 என மாற்றி அனுப்புகிறது. தொலைக்காட்சி 192.168.1.35 க்குப் பதில் தருகிறது. ஆ அதனை மீண்டும் மடிக்கணினிக்குச் சேர்க்கிறது. இம்முகவரி மாற்றீட்டை நீங்கள் ஏற்கனவே படித்துள்ளீர்கள்.

ஆகவே இங்கே தொலைக்காட்சிக்குச் செல்லும் பாதை அறுந்து போகவில்லை. அறுந்தது கண்டுபிடிக்கும் அழைப்பு மட்டுமே. தொலைக்காட்சியின் முகவரியை நாமே தட்டச்சுச் செய்ய வழமையான காஸ்ற் பட்டியலில் இடம் இல்லாததால், பாதை இருந்தும் பயன் இல்லை. "வேறு உபவலை என்றால் தொடர்பாட முடியாது" என்ற ஒரு வரி விடை ஏன் பிழையாகலாம் என்பது இப்போது விளங்கும்.

இதனை மறுதலையாகவும் நோக்குக. தொலைபேசி அ விலும் தொலைக்காட்சி ஆ விலும் இருந்தால் சோதனைப் பொதிக்கும் பதில் வராது. 192.168.0.0 என்ற வலையமைப்பு எங்கே உள்ளது என்பது அ வுக்குத் தெரியாது. ஆ வும் வெளியில் இருந்து தானாக வரும் இணைப்புகளை உள்ளே விடுவதில்லை. வெளியே இருந்து பார்ப்பவருக்கு ஆ ஒருவழிக் கதவு போன்றது.

5. விருந்தினர் வலையமைப்பில் நடப்பது வேறு

சிக்கலைத் திருத்திய பின்னர் வேறொரு கரைச்சல் வந்தது. இப்போது எல்லா மாணவரின் தொலைபேசியிலும் தொலைக்காட்சி தெரிந்தது. ஒரு நாள் பாடத்தின் நடுவே திரையில் ஒரு சினிமாப் பாடல் ஓடத் தொடங்கியது. யார் அனுப்பியது என்பதை இன்றுவரை எவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதன் பின்னர் அ வின் அமைப்புப் பக்கத்தில் Guest Network என்பதை இயக்கி, மாணவர்களுக்கு அதன் கடவுச்சொல்லை மட்டும் கொடுத்தோம். மாணவர்களின் பட்டியலில் இருந்து தொலைக்காட்சி மறைந்தது. முதலில் நாம் பழுது என்று நினைத்த அதே அறிகுறி, இம்முறை நாம் விரும்பி உண்டாக்கியதாகும்.

விருந்தினர் வலையமைப்பில் வழிப்படுத்தி இரண்டு வேலைகளைச் செய்யலாம். முதலாவது, விருந்தினரிடம் இருந்து வரும் பொதிகளை இணையத்துக்கு விடும். வீட்டின் முதன்மை வலையமைப்புக்குள் விடாது. பல்பரப்புக் கேள்வி மட்டுமன்றி நேரடிப் பொதியும் தடுக்கப்படும். எனவே இங்கே சோதனைப் பொதிக்கும் பதில் வராது. இரண்டாவது, விருந்தினர்களை ஒருவரிடம் இருந்து ஒருவர் பிரிக்கும். இதனை அமைப்புப் பக்கத்தில் AP Isolation அல்லது அதையொத்த பெயரில் காணலாம். இது இயங்கினால், தொலைக்காட்சியையும் விருந்தினர் வலையமைப்பில் சேர்த்தாலும் அது பட்டியலில் வராது. "இரண்டையும் ஒரே வைஃபையில்தானே போட்டேன்" என்று பலர் ஏமாறும் இடம் இதுவே. விடுதி அறைகளில் காஸ்ற் செய்ய முடியாமற் போவதற்கும் பெரும்பாலும் இப்பிரிப்பே காரணம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சில வழிப்படுத்திகள் விருந்தினருக்கு வேறு உபவலையைக் கொடுக்கும். வேறு சில, முதன்மை வலையமைப்பின் அதே 192.168.1 தொடக்கத்தையே கொடுத்துவிட்டு உள்ளே தடையை மட்டும் போடும். ஆகவே முகவரிகளின் முதல் மூன்று எண்கள் வேறு எனில் வலையமைப்பு வேறு என்று சொல்லலாம். ஒன்றாக இருந்தால் தடையில்லை என்று சொல்லிவிட முடியாது.

6. காரணத்தை வேறுபடுத்தி அறிதல்

அறிகுறி ஒன்று, காரணம் பல. எனவே பின்வரும் ஒழுங்கில் பார்க்க வேண்டும்.

முதலில் இரண்டு உபகரணங்களினதும் ஐபி முகவரியையும் நுழைவாயில் முகவரியையும் குறித்துக்கொள்க. வைஃபையின் பெயரை நம்ப வேண்டாம். எமது சம்பவத்தில் பெயர் ஒன்றாகவே இருந்தது.

பின்னர் தொலைபேசி இருக்கும் வைஃபையில் ஒரு மடிக்கணினியை இணைத்து, தொலைக்காட்சியின் முகவரிக்கு ping செய்க. அதற்கு முன், தொலைக்காட்சியின் சொந்த வலையமைப்பில் இருந்து ping செய்தால் அது பதில் தருகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில உபகரணங்கள் எவருக்கும் பதில் தருவதில்லை. அப்படியானால் இச்சோதனை எதையும் நிறுவாது.

முகவரித் தொடக்கம் வேறாகவும் பதில் வருவதாகவும் இருந்தால், தொலைபேசி ஓர் உள் வழிப்படுத்திக்குப் பின்னால் உள்ளது எனலாம். முகவரித் தொடக்கம் வேறாகவும் பதில் வராமலும் இருந்தால், அது விருந்தினர் வலையமைப்பாகவோ மேலே கூறிய மறுதலை நிலையாகவோ இருக்கலாம். தொடக்கம் ஒன்றாக இருந்தும் பதில் வராவிட்டால் பிரிப்புத் தடையைச் சந்தேகிக்க வேண்டும். தொடக்கமும் ஒன்று, பதிலும் வருகிறது, ஆயினும் பட்டியலில் இல்லை என்றால் தொலைபேசியைப் பார்க்க வேண்டும். ஐபோன்களில் 2020 இல் வந்த ஐ.ஓ.எஸ் 14 முதல், உள்ளூர் வலையமைப்பில் தேடுவதற்கு ஒவ்வொரு செயலிக்கும் தனியாக அனுமதி கொடுக்க வேண்டும். அனுமதி மறுக்கப்பட்ட செயலி கேள்வியே கேட்காது.

7. திருத்தும் முறை

மாணவர்களைப் போல் விருந்தினராக இருப்பவர் காஸ்ற் செய்ய வேண்டுமாயின், முதன்மை வலையமைப்பின் கடவுச்சொல்லை அவருக்குக் கொடுப்பதே எளிய வழி. தடையை நீக்குவதா இல்லையா என்பது அங்கே எதைப் பாதுகாக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இரண்டு வழிப்படுத்தி இருக்கும் இடத்தில் ஆ வை வழிப்படுத்தியாக அன்றி வெறும் அணுகல் புள்ளியாகப் பயன்படுத்த வேண்டும். நாம் செய்த ஒழுங்கு இதுவாகும்.

(i) ஆ வின் அமைப்புப் பக்கத்துக்குச் சென்று அதன் உட்பக்க முகவரியை 192.168.1.2 என மாற்றுக. இம்முகவரி வேறு உபகரணத்துக்கு வழங்கப்படாததாக இருத்தல் வேண்டும்.
(ii) புதிய முகவரியால் மீண்டும் உள்ளே சென்று DHCP என்பதை நிறுத்துக. இல்லாவிடில் ஒரே வலையமைப்பில் இருவர் முகவரி பங்கிடுவார்கள்.
(iii) அ வில் இருந்து வரும் வடத்தை ஆ வின் WAN துறையில் இருந்து கழற்றி LAN துறையில் செருகுக.

இதன் பின்னர் பின் அறையில் என் தொலைபேசிக்குக் கிடைத்த முகவரி 192.168.1.27, நுழைவாயில் 192.168.1.1. கேள்வி கடக்க வேண்டிய வழிப்படுத்தி இப்போது நடுவில் இல்லை. பட்டியலில் தொலைக்காட்சி வந்துவிட்டது. வைஃபையின் பெயரையோ கடவுச்சொல்லையோ மாற்றத் தேவை ஏற்படவில்லை.

8. மாதிரி வினா

ஒரு வீட்டில் தொலைக்காட்சி 192.168.1.20 என்ற முகவரியிலும், நிமலனின் தொலைபேசி அதே வழிப்படுத்தியின் விருந்தினர் வலையமைப்பில் 192.168.2.50 என்ற முகவரியிலும் உள்ளன. மறைமுகம் 255.255.255.0.

(அ) காஸ்ற் பட்டியலில் தொலைக்காட்சி தோன்றாமைக்கு இரண்டு காரணங்கள் தருக.
(ஆ) "இரண்டிலும் இணையம் வேலை செய்வதால் அவை ஒரே வலையமைப்பில் உள்ளன." இக்கூற்று சரியா?
(இ) நிமலன் யூரியூப் செயலியில், தொலைக்காட்சித் திரையில் தோன்றிய குறியீட்டைத் தட்டச்சுச் செய்தான். அப்போது அவனால் காணொளியைத் திரைக்கு அனுப்ப முடிந்தது. விளக்குக.

விடை

(அ) வலையமைப்பு முகவரிகள் 192.168.1.0, 192.168.2.0 என வேறுபடுகின்றன, 224.0.0.251 க்கு அனுப்பப்பட்ட கேள்வியை வழிப்படுத்தி கடத்தாது. மேலும், விருந்தினர் வலையமைப்பில் இருந்து முதன்மை வலையமைப்புக்குச் செல்லும் பொதிகள் தடுக்கப்படுகின்றன.

(ஆ) பிழை. வெவ்வேறு வலையமைப்புகள் ஒரே வழிப்படுத்தியினூடாக இணையத்தை அடையலாம். இணையம் கிடைப்பது வெளியே செல்லும் பாதை உண்டு என்பதையே காட்டும்; இரண்டு உபகரணங்களுக்கு இடையிலான பாதையைக் காட்டாது.

(இ) குறியீட்டினால் இணைக்கும்போது தொலைபேசி வீட்டுக்குள் எவரையும் தேடுவதில்லை. தொலைபேசியும் தொலைக்காட்சியும் தனித்தனியே இணையத்தில் உள்ள சேவையகத்தைத் தொடர்புகொள்கின்றன. அச்சேவையகம் குறியீட்டைக் கொண்டு இரண்டையும் பொருத்துகிறது. பல்பரப்புக் கேள்வி தேவைப்படாததால் விருந்தினர் வலையமைப்பின் தடை இதனைப் பாதிக்காது.

பகுதி (இ) யை எழுதியபின் எமது மண்டபத்தை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். அக்குறியீடு திரையில் நின்றால், விருந்தினர் வலையமைப்பில் இருக்கும் மாணவனும் பாடலை அனுப்பலாம். ஆகவே பாடம் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தைத் திரையில் இருந்து அகற்றிவிடுகிறோம்.